பன்னிரண்டு லட்சமும் பன்னிரண்டு தவணையும்

பிள்ளைகளே, மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து எஸ்ஐபி கட்டுகிறவர்களுக்கு நான் இன்று பேசப்போகும் கேள்வி எழாது. பணம் வருகிறது, வந்த கையோடு இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகிறது. அதைத் தவணை என்று சொன்னாலும், அந்த மாதம் கையில் இருந்ததை முழுவதுமாகப் போட்டுவிட்டீர்கள் என்பதே உண்மை. காத்திருந்த பணம் என்று ஒன்று அங்கே இல்லை.

காத்திருக்கும் பணம் வேறு விதமாக வருகிறது. பணிக்கொடை, பூர்வீக நிலத்தில் பங்கு, முதிர்ந்த இன்சூரன்ஸ் பாலிசி, வளைகுடாவில் பத்து வருடம் உழைத்துச் சேர்த்தது என்று ஒரே நாளில் ஒரு பெருந்தொகை வங்கிக் கணக்கில் வந்து உட்காரும். அன்று இரவு தூக்கம் கெடும். "எல்லாவற்றையும் நாளைக்கே நிஃப்டியில் போடட்டுமா? மாதம் கொஞ்சமாகப் போடட்டுமா? இப்போது சார்ட் உச்சத்தில் இருக்கிறதே, இறங்கட்டும் என்று பொறுக்கட்டுமா?" கோயம்புத்தூரில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். இந்த மூன்று கேள்விகளையும் வெவ்வேறு குரல்களில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக எடைபோட்டுப் பார்ப்போம்.

முதலில் ஒரு கணக்கு. கையில் 12 லட்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலம் 2008 ஜனவரி மாதக் கடைசி. நிஃப்டி அந்த மாதம் 8ஆம் தேதி வர்த்தகத்தின் நடுவே 6,357 வரை ஏறி, பின் இறங்கி, மாதம் முடியும்போது 5,137இல் நின்றது. கணக்கு எளிதாக இருக்க, நிஃப்டியின் புள்ளியையே ஒரு யூனிட்டின் விலை என்று கொள்வோம். ஃபண்ட் செலவு, டிவிடெண்ட், வரி எல்லாம் இப்போதைக்கு ஓரமாக இருக்கட்டும்.

அன்றே 12 லட்சத்தையும் போட்டவருக்கு ஏறக்குறைய 234 யூனிட். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் ஒரு லட்சம் என்று டிசம்பர் வரை போட்டவருக்குக் கதை வேறு. ஜூன் கடைசியில் நிஃப்டி 4,041. அவருடைய ஒரு லட்சத்துக்கு 24 யூனிட்டுக்குச் சற்று மேல். லேமன் பிரதர்ஸ் விழுந்த பின் வந்த அக்டோபர் கடைசியில் 2,886; அதே ஒரு லட்சத்துக்கு 34 யூனிட்டுக்கு மேல். நவம்பரில் 36. ஆண்டு முடியும்போது அவர் கையில் 301 யூனிட். மொத்தமாகப் போட்டவரைவிட நாலில் ஒரு பங்குக்கும் அதிகம். அந்த ஆண்டு தவணைக்காரரைப் புகழாத வாய் இல்லை. தவணை முதலீடு, அதாவது மேல்நாட்டார் சொல்லும் டாலர் காஸ்ட் ஆவரேஜிங், அப்போதுதான் எங்கள் ஊர்க் கூட்டங்களில் வேதவாக்கு ஆனது.

இப்போது ஒரே ஒரு வருடம் தள்ளி, அதே கணக்கைப் போடுங்கள். 2009 ஜனவரி கடைசியில் நிஃப்டி 2,875. மொத்தமாகப் போட்டவருக்கு 417 யூனிட். தவணைக்காரர் பிப்ரவரியில் இன்னும் மலிவாக வாங்கினார். அதன் பிறகு விலை அவரைவிட்டு ஓடிக்கொண்டே இருந்தது. மே 18ஆம் தேதி, தேர்தல் முடிவுக்கு அடுத்த வர்த்தக நாள், சந்தை திறந்த சில நொடிகளிலேயே மேல் வரம்பை முட்டி வர்த்தகம் நின்றது. மீண்டும் திறந்ததும் மறுபடி முட்டியது, அன்றைய கடை மூடப்பட்டது. ஒரே நாளில் 17 சதவீதத்துக்கு மேல் ஏற்றம். அன்று காலை "இன்று வாங்கலாம்" என்று உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு வாங்கக் கிடைக்கவே இல்லை. டிசம்பரில் நிஃப்டி 5,201. ஆண்டுக் கடைசியில் தவணைக்காரர் கையில் 302 யூனிட்.

இரண்டு எண்களையும் அருகருகே வையுங்கள். விழுந்த ஆண்டில் தவணைக்கு 301, எழுந்த ஆண்டில் தவணைக்கு 302. மொத்தமாகப் போட்டவருக்கோ ஓர் ஆண்டு 234, மறு ஆண்டு 417. இரண்டு ஆண்டுகளின் தவணைக் கணக்கும் இப்படி ஒன்றையொன்று தொட்டு நிற்பது தற்செயல்தான்; எந்த இரண்டு ஆண்டை எடுத்தாலும் இப்படி வராது. ஆனால் தவணை என்ன செய்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளம்பரமும் சொல்லாது. மிகப் பெரிய வருத்தத்தையும் அது தருவதில்லை, மிகப் பெரிய வாய்ப்பையும் தருவதில்லை. இரண்டு ஓரத்தையும் வெட்டி நடுவில் உட்கார வைக்கிறது.

இங்கே ஒரு வழக்கமான ஏமாற்றைச் சொல்லிவிட வேண்டும். "தவணையில் வாங்கினால் உங்கள் அடக்க விலை, சந்தையின் சராசரி விலையைவிட எப்போதும் குறைவாக இருக்கும்" என்று விற்பனையாளர்கள் அட்டவணை போட்டுக் காட்டுவார்கள். சொல்வது பொய்யில்லை. 2008இல் மாதக் கடைசி விலைகளின் சராசரி 4,199. தவணைக்காரரின் அடக்கம் 3,992. 2009இல் சராசரி 4,183, அடக்கம் 3,978. விலை குறைவான மாதத்தில் அதே ரூபாய்க்கு அதிக யூனிட் கிடைப்பதால் வரும் வெறும் கணக்கு இது. விலை மாறிக்கொண்டே இருந்தால் போதும், இந்த வித்தியாசம் வந்தே தீரும். ஆனால் 2009இல் முதல் நாளே 2,875இல் மொத்தமும் வாங்கியவருக்கு முன்னால் 3,978 என்ன அடக்கம்? நீங்கள் ஒப்பிட வேண்டியது முதல் நாள் விலையோடு. சராசரி விலைக்கு யாரும் மொத்தமாக விற்றதும் இல்லை, வாங்கியதும் இல்லை.

அப்படியானால் எது அதிக முறை ஜெயிக்கிறது? அமெரிக்காவின் வேன்கார்ட் நிறுவனம் 2012இல் இதை அளந்து பார்த்தது. அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளின் பழைய சந்தைக் கணக்குகளை எடுத்து, உடனே மொத்தமாகப் போட்டவரையும் 12 மாதங்களில் பிரித்துப் போட்டவரையும் பத்தாண்டு முடிவில் ஒப்பிட்டது. ஏறக்குறைய மூன்றில் இரண்டு முறை மொத்தமாகப் போட்டவரே முன்னால் நின்றார். இதில் மர்மம் எதுவும் இல்லை. நீண்ட காலத்தில் இண்டெக்ஸ் ஏறுகிறது என்று நம்பித்தான் நீங்கள் அதில் நுழைகிறீர்கள். ஏறுகிற ஒன்றில் தாமதமாக நுழைந்தால் சராசரியாக அதிக விலை கொடுப்பீர்கள். மீதி ஒரு பங்கு, 2008 போன்ற காலங்கள்.

அந்தத் தாமதத்தின் விலையை ரூபாயில் சொல்கிறேன். 12 லட்சத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து, முதல் தவணையை இன்றே போட்டால், கடைசித் தவணை 11 மாதம் காத்திருக்கும். சராசரியாக ஒவ்வொரு ரூபாயும் ஐந்தரை மாதம் வெளியே நிற்கிறது. இண்டெக்ஸ் ஆண்டுக்கு 12 சதவீதம் தரும் என்று ஓர் அனுமானம் வைத்தால், அந்த ஐந்தரை மாதத்தில் நீங்கள் எதிர்பார்த்து விட்டுக்கொடுப்பது 66,000 ரூபாய். காத்திருக்கும் பணம் லிக்விட் ஃபண்டில் 6 சதவீதம் ஈட்டினால் 33,000 திரும்பக் கிடைக்கும். மீதி 33,000 உங்கள் கையைவிட்டுப் போகிறது. 12 சதவீதம் என்பதற்கு யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. வேறு எண் வைத்தால் வேறு விடை வரும். ஆனாலும் அந்த 33,000ஐ ஒரு காப்பீட்டு பிரீமியம் போல எண்ணிப் பழகுங்கள். நுழைந்த முதல் ஆண்டிலேயே 2008 வந்து நிற்கும் என்ற பயத்துக்குக் கட்டும் பிரீமியம் அது. வீடு தீப்பிடிக்கவில்லையே, பணம் வீணாயிற்றே என்று தீக்காப்பீடு எடுத்தவர் புலம்புவதில்லை. தவணை போட்டுவிட்டுச் சந்தை ஏறியதும் புலம்புகிறவர்களைத்தான் நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

என் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்கிறேன். உங்கள் வயது இருபத்தைந்து, முப்பது. இந்தப் பணம் பதினைந்து வருடத்துக்குத் தேவையில்லை. போட்ட மறுமாதம் 20 சதவீதம் குறைந்தாலும் விற்க மாட்டீர்கள் என்பதை ஒருமுறையாவது சந்தையில் நின்று சோதித்திருக்கிறீர்கள் என்றால், மொத்தமாகப் போடுங்கள். அந்தச் சோதனையைக் கடக்காதவர் தவணை போடட்டும். வாழ்க்கையில் முதல் பெருந்தொகை, அம்மா அப்பாவின் பணமும் அதில் கலந்திருக்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம், தவணைதான். கணக்கில் சிறந்த வழியை நடுவழியில் கைவிடுகிறவரைவிட, இரண்டாவது சிறந்த வழியை முடிவு வரை நடக்கிறவர் அதிகம் சேர்க்கிறார். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது சந்தைக்கும் பொருந்தும். பொறுப்பதற்கு எந்த ஏற்பாடு உதவுமோ அதை எடுங்கள்.

தவணை என்று தீர்மானித்தால் 6 மாதம் முதல் 12 மாதம் போதும். மூன்று வருடம் இழுப்பதற்குத் தவணை என்று பெயரில்லை, தயக்கம் என்று பெயர். பணத்தை லிக்விட் ஃபண்டில் போட்டு, அதே நிறுவனத்தின் இண்டெக்ஸ் ஃபண்டுக்கு மாதாமாதம் தானாக மாறும்படி எஸ்டிபி எழுதிக் கொடுங்கள். லிக்விட் ஃபண்டில் முதல் ஏழு நாளுக்குள் எடுத்தால் சிறு பிடித்தம் உண்டு. முதல் மாற்றத்தை அதற்குப் பின் வையுங்கள். ஒவ்வொரு மாற்றமும் வருமான வரிக் கண்ணுக்கு ஒரு விற்பனை, அதில் வரும் சிறு லாபத்துக்கு வரி உண்டு. இண்டெக்ஸ் ஃபண்டில் விழும் ஒவ்வொரு தவணைக்கும் ஓராண்டுக் கணக்கு தனித்தனியாக ஓடும் என்பதும் நினைவில் இருக்கட்டும். தானாக நடக்கும்படி செய்வதுதான் இதில் உயிர்நாடி. மாதாமாதம் நீங்களே பட்டனை அழுத்த வேண்டும் என்று வைத்தால், ஒவ்வொரு மாதமும் சார்ட்டைப் பார்ப்பீர்கள். அங்கேதான் மூன்றாவது கேள்வி உள்ளே நுழைகிறது.

சார்ட்டை நான் இகழ மாட்டேன். அதை வைத்துத் தினசரி வர்த்தகம் செய்து குடும்பம் நடத்தியவர்களையும் அறிவேன், குடும்பத்தை இழந்தவர்களையும் அறிவேன். நான் கேட்பது சிறிய கேள்வி. பதினைந்து வருடம் வைத்திருக்கப் போகிற ஒருவர், நுழையும் நாளைச் சார்ட்டின் மட்டங்களை வைத்துத் தீர்மானிக்கலாமா?

6,300 என்ற மட்டத்தின் கதையைக் கேளுங்கள். 2008 ஜனவரியில் 6,357 தொட்டுத் திரும்பிய நிஃப்டி, 2010 நவம்பரில் தீபாவளி முகூர்த்த வர்த்தகத்தில் 6,312இல் முடிந்தது. சார்ட் பார்ப்பவர்கள் அதை இரட்டை உச்சம் என்றார்கள். ரெசிஸ்டன்ஸ், தாண்டாது என்றார்கள். எங்கள் அலுவலகத்துக்கு வந்துபோகும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அப்போது பணிக்கொடையை வங்கியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மட்டம் சொன்னபடியே நடந்தது. 2011 டிசம்பரில் நிஃப்டி 4,550க்கும் கீழே போனது. அவர் சொன்னது சரியாகிவிட்டது.

ஆனால் 4,550இல் அவர் வாங்கவில்லை. அந்த நேரத்துச் சார்ட் இன்னும் கீழே ஒரு சப்போர்ட்டைக் காட்டியது. அது வரட்டும் என்று பொறுத்தார். வரவில்லை. 2013 நவம்பர் தீபாவளிக்கு நிஃப்டி மறுபடி 6,300க்கு மேல் வந்தது. இப்போது அது மூன்றாவது உச்சம். முன்பு இருமுறை சரியாகச் சொன்ன மட்டம் மூன்றாவது முறை பொய் சொல்லுமா? டிசம்பர் 9ஆம் தேதி, நான்கு மாநிலத் தேர்தல் முடிவுகளுக்கு மறுநாள், 6,400ஐத் தாண்டியது. இரண்டே மாதத்தில் திரும்ப 6,000க்குக் கீழே இறங்கியது. "பார்த்தீர்களா, பொய்யான உடைப்பு" என்றார். மார்ச்சில் 6,500 தாண்டியது. மே 16ஆம் தேதி வர்த்தகத்தின் நடுவே 7,500ஐத் தொட்டது. அதன் பிறகு அவர், பழைய ரெசிஸ்டன்ஸ் இனி சப்போர்ட் ஆகும், 6,357க்குத் திரும்பி வரும்போது வாங்கலாம் என்று காத்திருந்தார். 2020 மார்ச் 24, கொரோனா ஊரடங்கு அறிவித்த நாள், சந்தையின் பெரிய நடுக்கங்களில் ஒன்றின் நடுவே வந்தது. அன்றைய அடிமட்டம் 7,511. 6,357 வரவில்லை.

அவரை முட்டாள் என்று எண்ணிவிடாதீர்கள். கணிதம் சொல்லிக் கொடுத்தவர், என்னைவிடக் கூர்மையானவர். அவருக்கு நேர்ந்த துன்பமே முதல் முறை சரியாகச் சொன்னதுதான். வெளியே இருப்பது என்ற முடிவு சரியானபோது கிடைத்த பெருமை, உள்ளே போவது என்ற அடுத்த முடிவை எடுக்க விடவில்லை. மட்டம் பார்த்து நுழைய நினைப்பவருக்கு எப்போதும் இரண்டு முடிவுகள் சரியாக வேண்டும்: எப்போது பொறுப்பது, எப்போது பொறுமையை நிறுத்துவது. விலை நீங்கள் கேட்ட இடத்துக்கு வரும் நாளில், அதைவிடக் கீழான இன்னொரு இடத்தைச் சார்ட் காட்டாமல் இருந்ததே இல்லை.

மட்டங்களுக்குக் கொஞ்சம் உண்மை உண்டு. பழைய உச்சத்தில் வாங்கி மாட்டிக்கொண்டவர், போட்ட விலை வந்ததும் விற்றுவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பார். அப்படிப் பலர் கூடினால் அங்கே ஒரு தடை உண்டாகும். ஆப்ஷன் வியாபாரிகள் முழு எண்களில் குவிவதாலும் ஏற்ற இறக்கம் சில நாள் அங்கே சிக்கும். ஆனால் அந்தத் தடை நாட்களையும் வாரங்களையும் சேர்ந்தது. ஒரு வாரத்தின் தடை பதினைந்தாம் வருடத்தில் உங்கள் கணக்கில் கண்ணுக்கே தெரியாது. இன்னொன்று: வளரும் இண்டெக்ஸ் வழிநெடுகப் புதிய உச்சங்களைத் தொட்டுத்தான் வளர முடியும். 2014இல் 7,500 உச்சம், 2020 ஜனவரியில் 12,430 உச்சம், 2024 செப்டம்பரில் 26,277 உச்சம். உச்சத்தில் வாங்க மாட்டேன் என்று சபதம் செய்தவர் இந்த வழி முழுவதும் ஓரமாக நிற்க நேர்ந்திருக்கும்.

"மட்டம் வேண்டாம் தாத்தா, 200 நாள் சராசரியைப் பார்க்கலாமே" என்று என் பேரன் வயதுப் பையன் ஒருவன் கேட்டான். நல்ல கேள்வி. அவனுக்குப் பத்து மாதச் சராசரியை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்டினேன். இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். மாதக் கடைசி விலை, கடந்த பத்து மாதக் கடைசி விலைகளின் சராசரிக்கு மேலிருந்தால் உள்ளே, கீழிருந்தால் வெளியே. அவ்வளவுதான் விதி. 2008 ஜனவரி கடைசியில் சராசரி 4,966, நிஃப்டி 5,137. விதி சொன்னது: வாங்கு! மறு ஆண்டு ஜனவரியில் 2,875, சராசரிக்கு மிகக் கீழே. விதி சொன்னது: வாங்காதே! நுழைவதற்கு மட்டும் இதைப் பார்த்தவர் இரண்டு ஆண்டும் தலைகீழாகச் செய்திருப்பார்.

ஆனால் விதியை முழுதாகக் கடைப்பிடித்தவரின் கணக்கையும் நான் அவனுக்கு மறைக்கவில்லை. அவர் 2008 மார்ச் கடைசியில் 4,735இல், 8 சதவீத நஷ்டத்தோடு விற்றிருப்பார். அதன்பின் ஓராண்டுக்கு மேல் வெளியே நின்று, 2009 ஏப்ரல் கடைசியில் 3,474இல் திரும்ப வாங்கியிருப்பார். அவர் கையில் 318 யூனிட் இருந்திருக்கும். 2008 ஜனவரியில் மொத்தமாகப் போட்டுச் சும்மா இருந்தவரின் 234ஐவிட மிக நல்லது. நீண்டு சரியும் வீழ்ச்சியில் இந்த விதி காப்பாற்றும். 2020இல் என்ன நடந்தது? பிப்ரவரி கடைசியில் 11,202இல் விற்கச் சொன்னது. மார்ச்சில் சந்தை 7,511 வரை பாய்ந்து திரும்பியது. விதி மீண்டும் வாங்கச் சொன்னது ஜூலை கடைசியில், 11,073இல். அத்தனை பெரிய பள்ளத்தைக் கடந்து கிடைத்தது ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். விற்ற லாபத்துக்கு வரி கட்டியிருந்தால் அதுவும் இல்லை.

ஆகவே சராசரி விதி வேண்டும் என்றால், விற்கும் விதியோடும் திரும்ப வாங்கும் விதியோடும் சேர்த்து எழுதி வைத்து, பத்துப் பதினைந்து வருடம் ஒருமுறையும் தவறாமல் செய்ய வேண்டும். அது தனித் தொழில். அதில் பாதியைக் கடன் வாங்கி, நுழையும் நாளைக்கு மட்டும் பயன்படுத்துவதில் பலன் எதையும் நான் காணவில்லை. தவணை ஓடிக்கொண்டிருக்கும்போது சார்ட்டைப் பார்த்து ஒரு மாதம் நிறுத்துவது அதைவிட மோசம். 2008 அக்டோபரிலும் நவம்பரிலும் சார்ட் இருந்த அலங்கோலத்தைப் பார்த்து அந்த இரு தவணையை நிறுத்தியவர், 301இல் 70 யூனிட்டுக்கு மேல் அங்கேயே விட்டுவிட்டார். பிரீமியம் முழுவதும் கட்டிவிட்டு, இழப்பீடு தரும் மாதத்தில் பாலிசியைக் கிழித்ததற்குச் சமம்.

கடைசியாக, தவணையால் முடியாதது ஒன்று இருக்கிறது. அதை விற்பனையாளர் சொல்ல மாட்டார், நான் சொல்ல வேண்டும். 2007 ஜனவரி முதல் டிசம்பர் வரை ஒழுங்காக மாதம் ஒரு லட்சம் போட்டவரை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த மாதமும் தவறவில்லை. ஆண்டு முடிவில் 263 யூனிட், அன்றைய மதிப்பு 16 லட்சத்துக்கு மேல். அடுத்த பத்தே மாதத்தில், 2008 அக்டோபர் கடைசியில், அதே யூனிட்டுகள் 7 லட்சத்து 60 ஆயிரம். போட்ட 12 லட்சத்தில் நாலு லட்சத்து 40 ஆயிரம் கண்முன் காணவில்லை. தவணை முடிந்த மறுநாளே அவரும் மொத்தமாகப் போட்டவரும் ஒரே படகில்தான் இருக்கிறார்கள். ஜப்பானின் நிக்கி குறியீடு 1989 டிசம்பர் கடைசியில் தொட்ட உச்சத்தை மீண்டும் கடந்தது 2024 பிப்ரவரியில். முப்பத்துநாலு வருடச் சரிவை ஓராண்டுத் தவணை எப்படித் தாங்கும்?

இந்த 7 லட்சத்து 60 ஆயிரத்தைப் பார்த்துக்கொண்டு உங்களால் இருக்க முடியாது என்று தோன்றினால், தவணையை நீட்டாதீர்கள், தொகையைக் குறையுங்கள். 12 லட்சத்தில் 6 லட்சம் வைப்புநிதியில், 6 லட்சம் இண்டெக்ஸில் தவணையாக என்று 2007இல் பிரித்திருந்தால், அந்த அக்டோபரில் வட்டியைச் சேர்க்காமலே 9 லட்சத்து 80 ஆயிரம் இருந்திருக்கும். ஐந்து வருடத்துக்குள் தேவைப்படும் கல்யாணச் செலவு, வீட்டுக்கான முன்பணம், மருத்துவக் கையிருப்பு எதுவும் இந்த இண்டெக்ஸ் பாதியில் சேரக்கூடாது. எவ்வளவு பங்கு, எவ்வளவு வைப்பு என்ற அந்தப் பிரிவை முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். அதன் கீழே தவணை எத்தனை, எந்தத் தேதி என்று எழுதுங்கள். வீட்டில் இருக்கும் இன்னொருவரிடம் அதைக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். நடுவில் மாற்ற வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும் நாளில், முதலில் அவரிடம் காரணம் சொல்லியாக வேண்டும்.